கோட்டை நீட்டித் தனிப் பூஜ்யம் காணல்: முடிவை எவ்வளவு நம்பலாம்?

அழுத்தம் மாறாதிருக்க, வாயுவின் கன அளவு உஷ்ணநிலையோடு சீராகப் பெருகுகிறது. இவ்விரண்டையும் வரைபடத்தில் குறித்தால் ஒரு நேர்கோடு கிடைக்கும். அக்கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் கன அளவு பூஜ்யமாகும் இடம் ஒன்று தோன்றுகிறது. அதுவே தனிப் பூஜ்யம் எனப்படுவது. பள்ளிக்கூடங்களில் இப்பரிசோதனை எளிதில் செய்யப்படுகிறது. ஆயினும் அதன் முடிவு எவ்வளவு நம்பத்தக்கது என்பது பெரும்பாலும் ஆராயப்படுவதில்லை.

பரிசோதனை

ஒரு முனை மூடிய நுண்துளைக் கண்ணாடிக் குழாயினுள், அடர் கந்தக அமிலத் துளியொன்றால் சிறிது காற்று அடைக்கப்படுகிறது. அமிலம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அமிலத்தை ஆசிரியரே கையாளுதல் வேண்டும். குழாயின் துளை சீரானதாகையால், காற்றுத் தம்பத்தின் நீளத்தையே கன அளவாகக் கொள்ளலாம். குழாயை அளவுகோலுடன் கட்டி, திறந்த முனை மேலே இருக்குமாறு நீரில் நிறுத்தி, நீரைக் கலக்கியவாறே சூடேற்றுக. ஒவ்வொரு நிலையிலும் துளி அசையாது நின்ற பின்னரே நீளத்தைக் குறித்தல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 30, 50, 70, 90 டிகிரி செல்சியஸில் நீளங்கள் முறையே 152, 162, 171, 182 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். முதற் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் இணைத்தால், 60 டிகிரிக்கு 30 மி.மீ., அதாவது டிகிரிக்கு அரை மி.மீ. ஏற்றம் காண்கிறோம். இவ்வீதத்தில் 152 மி.மீ. முழுவதும் மறைய 304 டிகிரி இறங்க வேண்டும். 30-இலிருந்து 304 கழிந்தால் −274 டிகிரி. ஏற்கப்பட்ட மதிப்போ −273.15.

அளவைப் பிழையின் விளைவு

இந்நெருக்கத்தைக் கண்டு மகிழ்வதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மூன்றாம் புள்ளி கோட்டிலிருந்து 1 மி.மீ. விலகியுள்ளது. அத்தகைய பிழை இரு முனைகளிலும் நேர்ந்திருக்கலாம் அல்லவா? நீளங்கள் 151, 183 எனில் விடை −253 ஆகிறது; 153, 181 எனில் −298 ஆகிறது. ஆகவே இவ்வளவைகள் உண்மையில் கூறுவது, தனிப் பூஜ்யம் −253-க்கும் −298-க்கும் இடையில் எங்கோ உள்ளது என்பதே. −274 கிடைத்தது ஓரளவு தற்செயலே.

காரணம் எளிது. அளந்த எல்லை 60 டிகிரி. கோடு நீட்டப்பட்ட தூரமோ அதைப்போல் ஐந்து மடங்கு. சாய்வில் உள்ள சிறு பிழை அத்தூரத்தில் பெருகிவிடுகிறது. பனிக்கட்டி கலந்த நீரில் 0 டிகிரியிலும் ஓர் அளவை எடுத்தால், அளந்த எல்லை 90 டிகிரியாகும். நீட்டுவது மூன்று மடங்காகக் குறையும். அதே 1 மி.மீ. பிழைக்கு விடை அப்போது −260-க்கும் −289-க்கும் இடையே அடங்கும்.

வேறொரு வகைப் பிழையும் உண்டு. அமிலத்திற்குப் பதில் நீர்த்துளியைப் பயன்படுத்தினால், நீராவி காற்றுடன் சேர்ந்துகொள்ளும். 90 டிகிரியில் அதன் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கிற்கும் மிகுதி. எனவே மேற்புள்ளிகள் வரவர உயர்ந்து கோடு வளையும். அவ்வளைவே குறையைக் காட்டும் அடையாளம். வளைந்த புள்ளிகளின் ஊடே நேர்கோடு வரைந்து நீட்டுவது பயனற்றது.

கோடு உண்மையில் நேரானதா?

அளவைகள் பிழையற்றன என்றே கொண்டாலும், அளக்காத பகுதியிலும் கோடு நேராகவே செல்லும் என்பதற்கு வரைபடம் சான்றாகாது. சாதாரண அழுத்தத்தில் ஆக்ஸிஜன் −183 டிகிரியிலும் நைட்ரஜன் −196 டிகிரியிலும் திரவமாகின்றன. அதற்குக் கீழே குழாயில் இருப்பது நாம் அளந்த வாயுவே அன்று. ஹீலியமுங்கூட ஏறத்தாழ −269 டிகிரியில் திரவமாகிவிடும். ஆகவே எப்பொருளின் கன அளவும் பூஜ்யமாவதில்லை. கோடு குறிப்பது ஒரு கற்பனை இலட்சிய வாயுவின் நடத்தையையே.

வாயுவுக்கு வாயு கோடும் சிறிது வேறுபடுகிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சு அறிஞர் ரெனோ மாறா அழுத்தத்தில் அளந்த விரிவெண்கள் ஹைட்ரஜனுக்கு 0.003661, காற்றுக்கு 0.003670, கரியமில வாயுவுக்கு 0.003710. இவற்றின் தலைகீழ் மதிப்புகள் முறையே −273.1, −272.5, −269.5 என்னும் பூஜ்யங்களைத் தருகின்றன. எளிதில் திரவமாகும் வாயுவே மிகுதியாக விலகுகிறது. ஆயினும் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே சென்றால், எல்லா வாயுக்களின் விடைகளும் ஒரே எண்ணை அணுகுகின்றன. நம்பிக்கைக்கு உரியது தனியொரு கோடன்று, இவ்வொற்றுமையே.

வாயுவையே சாராத சான்றும் உண்டு. 1848-இல் கெல்வின், வெப்ப எஞ்சின் பற்றிய கார்னோவின் கொள்கையினின்று, எப்பொருளின் தன்மையையும் சாராத உஷ்ண அளவு ஒன்றை வகுக்கலாம் எனக் காட்டினார். அவ்வழியில் பின்னர் அமைந்த அளவின் பூஜ்யமும் வாயுக்கள் சுட்டும் இடத்திலேயே விழுகிறது. இன்று −273.15 என்பது அளந்து காணும் எண் அன்று. அளவுமுறையின் வரையறையாலேயே அது நிலைபெற்றுள்ளது.

ஆகவே மாணவர் தம் குறிப்பேட்டில் விடையுடன் அதன் எல்லையையும் எழுதுதல் வேண்டும். மேற்கண்ட அளவைகளுக்கு ‘−274 டிகிரி, ஏறத்தாழ 25 டிகிரி கூடவோ குறையவோ’ என்பதே நேர்மையான விடை.