குடலைத் தொடும், மூளையைத் தொடாது

நம்பிக்கை: "வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற லோபரமைடு அபினி இனமாம். போட்டால் கிறக்கம் வரும், பழகிப்போகும்."

உண்மை: இனம் அதுதான். மார்பின் பற்றும் அதே மியூ ஏற்பிகளைத்தான் லோபரமைடும் பற்றுகிறது. ஆனால் அந்த ஏற்பிகள் மூளையில் மட்டும் இல்லை. குடல் சுவரின் இரண்டு தசை அடுக்குகளுக்கு நடுவே ஓடும் நரம்பு வலையிலும் இருக்கின்றன. அங்கே மருந்து ஒட்டிக்கொண்டால், தசையைச் சுருங்கத் தூண்டும் அசிட்டைல்கோலின் குறைவாகச் சுரக்கிறது. குடல் தள்ளும் வேகம் தணிகிறது. உள்ளே இருப்பது கூடுதல் நேரம் தங்குவதால் நீர் உறிஞ்சப்பட்டு மலம் இறுகுகிறது.

மூளை தப்புவதற்கு இரண்டு காரணங்கள். விழுங்கிய மருந்தின் பெரும்பகுதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடுகிறது. மீதி ரத்தத்தோடு மூளை வரை போனாலும், அங்குள்ள ரத்தக்குழாய்ச் சுவரில் பி-கிளைகோபுரதம் என்ற காவலாளி நிற்கிறது. உள்ளே நுழையும் மூலக்கூறைப் பிடித்து மறுபடி ரத்தத்துக்கே தள்ளிவிடுகிறது. லோபரமைடு கொழுப்பில் நன்றாகக் கரையும் பொருள். தடுக்க ஆள் இல்லையென்றால் மூளைக்குள் எளிதாகவே போய்விடும்.

இதை மனிதர்களிடமே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2000இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆரோக்கியமானவர்களுக்கு 16 மில்லிகிராம் லோபரமைடு கொடுத்தார்கள். 2 மில்லிகிராம் மாத்திரையில் எட்டு. மூச்சில் மாற்றமில்லை. அதே அளவோடு, இதயத் துடிப்புக் கோளாறுக்கான குயினிடினைச் சேர்த்துக் கொடுத்தபோது, கரியமில வாயு கூடினால் வேகமாக மூச்சுவிட வேண்டிய இயல்பு மந்தமானது. குயினிடின் அந்தப் புரதத்தை முடக்கிவிடும். மூச்சு மந்தமாவதோ மார்பின் மூளையில் செய்யும் வேலை.

நம்பிக்கை: "மூளைக்குத்தான் போகாதே, நாலைந்து சேர்த்துப் போட்டால் என்ன?"

உண்மை: காவலுக்கும் ஓர் எல்லை உண்டு. அதைவிட முக்கியம், இதயத்துக்கு மூளைக்கு இருப்பது போன்ற வலுவான காவல் கிடையாது. போதைக்காகப் பல மடங்கு விழுங்கியவர்களுக்கு இதய மின்னோட்டம் குழம்பி, துடிப்பு தாறுமாறாகி, உயிரே போயிருக்கிறது. அமெரிக்க மருந்து ஆணையம் 2016இல் இதற்காகவே எச்சரிக்கை விடுத்தது. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு முதலில் 4 மில்லிகிராம், பிறகு ஒவ்வொரு முறை நீராகப் போன பின் 2. மருத்துவர் சொன்னாலும் நாளொன்றுக்கு 16ஐத் தாண்டக் கூடாது.

நம்பிக்கை: "போக்கு நின்றால் நோய் போச்சு."

உண்மை: லோபரமைடு கிருமியைத் தொடுவதே இல்லை. மலத்தில் ரத்தமோ கடும் காய்ச்சலோ இருந்தால் குடலை நிறுத்துவது கிருமிகளை உள்ளேயே அடைத்து வைப்பதாகும். வயிறு உப்பி வலித்தால் மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது கூடவே கூடாது. அவர்களுக்கு முதல் தேவை உப்பு-சர்க்கரைக் கரைசல்.