விட்ட இடத்திலிருந்து கணக்கு

கேள்வி: கடைக் கணக்குப் பார்க்கும்போது ஆள் வந்தால் எழும்ப வேண்டியிருக்கிறது. திரும்பி வந்தால் விட்ட இடம் தெரியாமல் முதலிலிருந்து கூட்டுகிறேன். என்ன வழி?
- ஒரு வாசகர், பொத்துவில்

பதில்: எழும்புமுன் முடிந்த இடம், சந்தேகம், அடுத்த வேலை மூன்றையும் துண்டில் எழுதி பில் கட்டின் மேல் வையுங்கள். உதாரணமாக: “47ஆம் பில் வரை கூட்டியாச்சு, 18,350 ரூபா. 48இல் உள்ள 600 ரூபா கடன் கொப்பியில் இல்லை. தம்பியிடம் கேட்டுவிட்டு 48இலிருந்து தொடங்க வேண்டும்.” ‘மிச்சத்தைப் பார்க்கணும்’ என்று மட்டும் எழுதினால், எதில் தொடங்குவதென்று மறுபடி தேடுவீர்கள்.

சோஃபி லெராய், தெரேசா க்ளோம் இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிக் குறித்துவிட்டு எழுந்தவர்கள் குறுக்கே வந்த வேலையையும் நன்றாகச் செய்தார்கள். அதுபோல நீங்களும் வந்த ஆளை நிதானமாகக் கவனிக்கலாம்.

திரும்பி வந்து கணக்கைத் தொடங்கியதும் துண்டைக் கிழித்துவிடுங்கள். பழைய துண்டு கிடந்தால் கணக்கு குழம்பும்.