பெற்றோரிடம் கடன் கேட்டு எழுதும் கடிதம்: தொகை, தவணை, மறுப்புக்கான இடம்

வேலைக்குச் சென்று சில ஆண்டுகளே ஆன ஒருவர் தம் பெற்றோரிடம் பெரிய தொகையைக் கடனாகக் கேட்கும்போது, அக்கோரிக்கை பெரும்பாலும் தொலைபேசியில், அதுவும் தாயின் வழியாகவே தந்தையைச் சென்றடைகிறது. இதனால் தொகையும் காலமும் தெளிவாகப் பேசப்படாமல் போவதோடு, பணம் திரும்பாத மாதங்களில் மகனுக்கோ மகளுக்கோ பரிந்து பேசவேண்டிய பொறுப்பும், தந்தையின் வருத்தத்தைக் கேட்டுக்கொள்ளவேண்டிய பொறுப்பும் தாயின் தலையிலேயே விழுகின்றன. கடிதமாக எழுதுவதன் முதற்பயன், அதை இருவர் பெயரிலும் எழுத முடிவதும், இருவரும் ஒரே கணக்கை ஒரே நேரத்தில் பார்க்க முடிவதும் ஆகும். இத்தகைய கடன்களை வாங்கி முறையாக அடைத்து முடித்தவர்களின் பட்டறிவிலிருந்து தெரியவரும் செய்திகளை, ஒரு மாதிரிக் கணக்கைக்கொண்டு இங்கே விளக்கலாம்.

சென்னையில் மாதம் 52,000 ரூபாய் கைக்குவரும் சம்பளத்தில் பணிபுரியும் ஒரு பெண்ணையும், விருதுநகரில் ஓய்வூதியத்தில் வாழும் அவருடைய பெற்றோரையும், கல்லூரியில் படிக்கும் தம்பியையும் கொண்ட குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டு முன்பணத்துக்கும் கட்டில், குளிர்பதனப் பெட்டி போன்ற பொருள்களுக்குமாகத் தொடங்கிய கிரெடிட் கார்டு நிலுவை இப்போது 2,40,000 ரூபாயாக நிற்கிறது. மாதத்துக்கு 3.5 விழுக்காடு வட்டி என்றால் 8,400 ரூபாய், அவ்வட்டியின்மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 1,512 ரூபாய், ஆக 9,912 ரூபாய் ஒரு மாதத்தின் சுமை. பில்லில் அச்சிடப்படும் குறைந்தபட்சத் தொகை, அதாவது கட்டத் தவறிய கணக்காகாமல் இருக்கக் கட்டியாகவேண்டிய சிறிய பங்கு, நிலுவையில் 5 விழுக்காடு என்று கொண்டால் 12,000 ரூபாய் ஆகிறது. அதைத் தவறாமல் கட்டினாலும் அசலில் குறைவது 2,088 ரூபாய் மட்டுமே. ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருக்கும் மகள் ஏன் கடன் கேட்கிறாள் என்று பெற்றோருக்கு எழும் இயல்பான ஐயத்துக்கு, இந்த ஒரு வரிக் கணக்கே விடையாக அமைகிறது.

வாடகை 13,000, உணவும் பயணமும் 14,000, பெற்றோர் வீட்டுக்கு ஏற்கெனவே அனுப்பிவரும் 8,000 ஆகியவை போக மாதம் 17,000 ரூபாய் எஞ்சுகிறது. இத்தொகை முழுவதையும் கார்டுக்கே கட்டினாலும் ஏறத்தாழ 22 மாதங்கள் ஆகும். அதற்குள் வட்டியும் வரியுமாக 1,20,000 ரூபாய்க்கு மேல் சென்றுவிடும். இடையில் ஒரு காய்ச்சலுக்கோ ஊர்ப்பயணத்துக்கோ கையில் எதுவும் இராது. பெற்றோரின் உதவி இல்லாவிட்டால் நிலைமை என்னவாகும் என்பதை இவ்வாறு எண்ணால் எழுதுவதும், உதவி கிடைக்காவிட்டாலும் அடைக்க வழி உண்டு என்பதை மறைக்காமல் சொல்வதும் கடிதத்துக்கு இன்றியமையாதவை. வேறு வழியே இல்லை என்று எழுதப்படும் கடிதம் பெற்றோரை அச்சுறுத்தி ஒப்புக்கொள்ள வைக்கிறது. அச்சத்தில் கொடுத்த பணத்தைப் பற்றிப் பின்னர் யாரும் வாய்திறந்து பேசுவதில்லை.

அடுத்ததாகப் பெற்றோரின் பணம் எங்கே இருக்கிறது என்பதைக் கடிதம் கருத்தில் கொள்ளவேண்டும். இப்பகுதியைத்தான் இளைஞர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். ஓய்வுபெற்றவர்களின் சேமிப்பில் ஒரு பகுதி அஞ்சலகத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இருக்கக்கூடும். ஐந்தாண்டுத் திட்டமான அது காலாண்டுக்கு ஒருமுறை வட்டி தருவதால் அந்த வட்டி வீட்டுச் செலவின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. ஓராண்டு முடிந்து ஈராண்டுக்குள் கணக்கை முடித்தால் வைப்பில் 1.5 விழுக்காடும், ஈராண்டுக்குப்பின் முடித்தால் 1 விழுக்காடும் பிடித்துக்கொள்ளப்படும். வங்கியின் ஃபிக்சட் டெபாசிட்டை இடையில் உடைத்தால், பணம் உண்மையில் இருந்த காலத்துக்குரிய வட்டியே கிடைக்கும் என்பதோடு, அதிலும் பல வங்கிகள் அபராதமாக ஒரு சிறு பங்கைக் குறைக்கின்றன. உடைக்காமல் அந்த டெபாசிட்டின்மீதே கடன் பெறும் வழியும் உண்டு. அதற்கு வங்கி டெபாசிட்டின் வட்டியைவிட ஒன்று அல்லது இரண்டு விழுக்காடு கூடுதலாக வாங்குவது வழக்கம் என்பதால், அந்தக் கூடுதலை மகளே ஏற்பது முறையாகும். எனவே எந்தப் பணத்தைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதைக் கேட்பவரே முதலில் எழுதிவிடுவது பெற்றோரின் பாதிச் சங்கடத்தை நீக்கிவிடும். நகையைப் பற்றி ஒரு வரி கட்டாயம் வேண்டும். மகளின் கடனை அறிந்த தாய் முதலில் நினைப்பது தன் வளையலையும் நகைக்கடனையுமே என்பது பல வீடுகளில் காணக்கூடியது.

இவற்றைக் கருத்தில் கொண்டு எழுதப்படும் கடிதத்தின் நடுப்பகுதி பின்வருமாறு அமையலாம்:

"அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும், இந்தக் கடிதத்தை இருவரும் சேர்ந்து படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அடுத்த மாதம் முதிர்வடையும் டெபாசிட்டிலிருந்து 2,40,000 ரூபாயை இரண்டு ஆண்டுகளுக்குக் கடனாகக் கேட்கிறேன். தபால் ஆபீஸ் பணத்தையும் தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஒதுக்கியதையும் தொடவேண்டாம், அம்மாவின் நகையை அடகு வைக்கவும் வேண்டாம். டெபாசிட்டில் கிடைத்துவந்த 7 விழுக்காடு வட்டியை நான் தருவேன். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி அசலில் 10,000 ரூபாயும் மீதிக்குரிய வட்டியும் அப்பாவின் கணக்குக்கு வந்துவிடும். இப்போது மாதாமாதம் அனுப்பும் 8,000 ரூபாய் இதில் சேராது. அது வழக்கம்போல வரும். முழுத்தொகையும் தர இயலாது என்றாலோ, இப்போது வேண்டாம் என்று தோன்றினாலோ தயங்காமல் சொல்லுங்கள். கார்டை நானே அடைக்கும் கணக்கையும் அடுத்த பக்கத்தில் எழுதியிருக்கிறேன்."

இதில் பயன்படுத்தப்பட்டுள்ள தவணைமுறை, மாதந்தோறும் அசலில் ஒரே தொகையைக் கழித்து எஞ்சிய அசலுக்கு மட்டும் வட்டி கணக்கிடும் முறையாகும். வங்கிகள் பின்பற்றும் சமத்தவணையில், அதாவது மாதந்தோறும் ஒரே தொகை கட்டும் இ.எம்.ஐ. முறையில், அதற்குள் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு என்பது சூத்திரம் அறியாதவர்க்குப் புலப்படாது. இங்கோ முதல் மாதத்தில் 10,000 ரூபாயோடு வட்டி 1,400 ரூபாய், இரண்டாம் மாதத்தில் 1,342 ரூபாய் என்று மாதம் ஏறத்தாழ 58 ரூபாயாகக் குறைந்துகொண்டே வந்து, கடைசி மாதத்தில் வட்டி 58 ரூபாயாக நிற்கும். இருபத்து நான்கு மாதங்களுக்கும் சேர்த்து வட்டி 17,500 ரூபாய். நாட்காட்டியின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதித் தந்தையே சரிபார்க்கக்கூடிய கணக்கு என்பதே இம்முறையின் சிறப்பு. முதல் தவணை 11,400 ரூபாய் போக எஞ்சும் 5,600 ரூபாய் எதிர்பாராச் செலவுக்கு இருக்கும் என்பதையும் கடிதம் காட்டவேண்டும். எஞ்சுவதனைத்தையும் தவணைக்கே ஒதுக்கிய திட்டம் முதல் தீபாவளியிலேயே முறிந்துவிடும்.

தவணையும் வீட்டுக்கு அனுப்பும் 8,000 ரூபாயும் ஒரே பரிமாற்றமாக 19,400 ரூபாயாகச் சென்றால், சில மாதங்களில் எது கடன், எது குடும்பத்துக்கான பங்கு என்ற வேறுபாடு மறைந்து, பெற்றோர் தங்களுக்கு வந்துகொண்டிருந்த பணமே கடனடைப்பாகத் திரும்புவதாக உணர்வர். இரண்டையும் தனித்தனித் தேதிகளில் அனுப்பி, பரிமாற்றக் குறிப்பில் "கடன் தவணை 3/24" என்பதுபோல் எண்ணிட்டு எழுதினால், வங்கிப் புத்தகமே கடன் ஏடாகிவிடும். இதற்குச் சட்டப்பயனும் உண்டு. 20,000 ரூபாயும் அதற்கு மேலும் கடனாக ரொக்கத்தில் வாங்குவதை இந்திய வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. திருப்பிக் கொடுப்பதற்கும் இத்தகைய விதி உண்டு. மீறினால் அதே அளவு தொகை அபராதமாக விதிக்கப்படலாம். ஆதலால் பெற்றோர் கொடுப்பதும் மகள் திருப்புவதும் வங்கிவழியே நடப்பது பாதுகாப்பானது. கடன்தொகை மகளுக்கு வருமானம் ஆகாது. தந்தை பெறும் வட்டி மட்டும் அவருடைய வருமானத்தில் சேரும்.

தவணை தவறும் மாதத்தைப் பற்றிக் கடன் வாங்கும் முன்பே எழுதிவிடுவது, பின்னர் ஏற்படும் மௌனத்தைத் தவிர்க்கிறது. ஆறு தவணைகளுக்குப்பின் வேலை போய்விட்டது என்று கொண்டால் அசல் 1,80,000 ரூபாய் நிற்கும். அதற்கு மாதவட்டி 1,050 ரூபாய். அவ்வாறான நிலையில் ஒரு வாரத்துக்குள் பெற்றோரிடம் சொல்வது, மூன்று மாதம்வரை வட்டியை மட்டும் கட்டுவது, தவறிய அசல் தவணைகளைக் கடைசியில் சேர்ப்பது என்று மூன்று வரிகளில் எழுதினால் போதும். நிறுவனம் வழங்கும் குழுக் காப்பீட்டில் பெற்றோரின் பெயர் நியமனதாரராக இருப்பதையும் உறுதிசெய்துகொள்வது நல்லது.

இவ்வகைக் கடன் தோற்பதற்கு மிகப் பெரிய காரணம் பெற்றோரின் பணத்தால் கார்டு காலியான பின்னர் அதே கார்டு மீண்டும் நிரம்புவதுதான். ஓராண்டில் தந்தைக்கு 1,20,000 ரூபாயும் கார்டுக்கு 80,000 ரூபாயும் பாக்கி என்ற நிலை வந்தால், அடைத்த அசலில் பெரும்பகுதி கார்டில் மீண்டும் ஏறிவிட்டதாகவே பொருள். கார்டின் வரம்பை 30,000 ரூபாயாகக் குறைக்கும்படி கேட்டு, அதற்கான உறுதிச்செய்தியைக் கடிதத்தைத் தொடர்ந்து பெற்றோருக்கு அனுப்பிவிடுவது இதற்கு நேரடியான தடுப்பு. வட்டி நாட்கணக்கில் கணக்கிடப்படுவதால், முழு நிலுவையைக் கட்டிய அடுத்த மாதமும் ஒரு சிறு தொகை பில்லில் வரக்கூடும். அதைப் பார்க்காமல் விட்டால் தாமதக் கட்டணம் சேரும்.

வட்டி வேண்டாம் என்று பெற்றோர் மறுப்பது மிகுதியும் நிகழ்வதே. அப்போது வாதிடாமல், அந்த வட்டித்தொகையைத் தாயின் பெயரில் தொடர்வைப்பாகப் போட்டுவரலாம். தொகையைக் குறைத்துத் தருவதாக அவர்கள் சொன்னால் மட்டும் கணக்கைப் புதிதாகப் போட்டாகவேண்டும். 1,50,000 ரூபாய் கிடைத்தால் கார்டில் 90,000 ரூபாய் எஞ்சும். அதன் மாதச்சுமை வரியோடு 3,717 ரூபாய். பெற்றோரின் பணத்துக்கான வட்டியோ மாதம் 875 ரூபாய்தான். ஆகவே பெற்றோர் ஒப்புக்கொண்டால் அவர்களுக்கு வட்டியை மட்டும் செலுத்தி, கார்டுக்கு மாதம் 12,000 ரூபாய் கட்டி, பத்தாம் மாதத்தில் அதை முடித்துவிட்டு, பதினோராம் மாதத்திலிருந்து அசலில் 12,500 ரூபாய் வீதம் பன்னிரண்டு தவணைகளில் பெற்றோருக்குத் திருப்பலாம். இத்திட்டத்தில் கையில் எஞ்சுவது சில மாதங்களில் 3,600 ரூபாய் அளவுக்குக் குறையும். பெற்றோர் முதற்பத்து மாதங்கள் அசலைக் காணமாட்டார்கள். இவ்விரண்டையும் வெளிப்படையாகச் சொல்லித் திருத்திய கடிதம், பணம் கணக்குக்கு வருவதற்கு முன்பே பெற்றோரின் கைக்குச் சென்றிருக்க வேண்டும்.