‘ஆதிரா’ என்னும் பெயரும் அதன் பொருளும்: இணையப் பெயர்ப்பட்டியல்களைச் சொற்பிறப்பியல் நோக்கில் மதிப்பிடல்

ஆய்வுச்சுருக்கம்

குழந்தைப் பெயர்களுக்குப் பொருள் கூறும் இணையப் பட்டியல்களில் ‘ஆதிரா’ என்னும் பெயருக்கு விண்மீன், மின்னல், உறுதியுடையவள் எனப் பல பொருள்கள் காணப்படுகின்றன. இவை ஒரே சொல்லின் பல பொருள்கள் அல்ல. உரோமன் எழுத்தில் ஒன்றுபோல் தோன்றும் வெவ்வேறு சொற்களின் பொருள்கள். உயிரெழுத்தின் குறில் நெடில் வேறுபாடு, கடன்சொல் தமிழில் பெறும் வடிவம், இலக்கிய ஆட்சி, அகரமுதலிச் சான்று ஆகியவற்றைக் கொண்டு அப்பொருள்களைப் பிரித்தறியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆதிரை, ஆதிரா, மக்கட்பெயர், கடன்சொல், எழுத்துப்பெயர்ப்பு, சொற்பிறப்பியல்.

முன்னுரை

தேனி மாவட்டத்தின் தேவாரம், போடிநாயக்கனூர் ஆகிய ஊர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்தவை. மலைக்கு மேலே கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள் உள்ளன. தோட்டவேலை, ஏலக்காய் வணிகம், மணவுறவு ஆகியவற்றால் தமிழும் மலையாளமும் நாள்தோறும் கலந்து வழங்கும் பகுதி இது. இத்தகைய எல்லைப்புறத்தில் ஒரே பெயர் இரு மொழி வடிவங்களில் வழங்க வாய்ப்புண்டு. தமிழில் ‘ஆதிரை’ என்றும் மலையாளத்தில் இறுதியில் அகரம் பெற்று ‘ஆதிர’ என்றும் வழங்கும் பெயர் அவ்வகையினது. ‘ஆதிரா’ என்ற எழுத்துவடிவம் இவ்விரண்டுக்கும் இடையே தோன்றியது. அதன் பொருளைத் தேடும் பெற்றோர்க்கு இணையப் பட்டியல்கள் தரும் விடை எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

எழுத்துவடிவமே முதற்சான்று

பெரும்பாலான பெயர்ப்பட்டியல்கள் உரோமன் எழுத்தில் அமைந்தவை. Athira, Adhira என்னும் வடிவங்களில் முதலுயிர் குறிலா நெடிலா என்பது தெரிவதில்லை. இடையிலுள்ள இகரம் குறிலா நெடிலா என்பதும் தெரிவதில்லை. எனவே அவ்வடிவங்களுக்குள் குறைந்தது மூன்று சொற்கள் அடங்கக்கூடும்.

முதலாவது, நாண்மீன் பெயராகிய ‘ஆதிரை’. இரண்டாவது, வடமொழியின் ‘அதீரா’. இது உறுதி என்று பொருள்படும் ‘தீர’ என்பதன் எதிர்மறைப் பெண்பால் வடிவம். மூன்றாவது, நடுங்குதல் என்று பொருள்படும் ‘அதிர்’ என்னும் தமிழ் வினையின் எதிர்மறைப் பெயரெச்சமாகிய ‘அதிரா’. நடுங்காத என்பது அதன் பொருள்.

மோனியர் வில்லியம்சின் வடமொழி அகராதி (1899) ‘அதீர’ என்பதற்கு நிலையற்ற, துணிவற்ற என்னும் கருத்துடைய பொருள்களைத் தருகிறது. ‘அதீரா’ என்னும் பெண்பால் வடிவத்துக்கு மின்னல் என்ற பொருளும் அங்கே உள்ளது. நில்லாது மறைவது மின்னல் என்பதால் இப்பொருள் அடிச்சொல்லோடு இயைகிறது. வடமொழி அணிநூல்களில் சினத்தை அடக்கமாட்டாத தலைவி வகைக்கும் ‘அதீரா’ என்பது பெயர். ஆகவே ‘மின்னல்’ என்ற பொருள் இச்சொல்லுக்கே உரியது. ‘உறுதியுடையவள்’ என்ற பொருளோ இச்சொல்லுக்கு நேர்மாறானது. அது எதிர்மறை முன்னொட்டைக் கவனியாமையால் வந்திருக்கலாம். தமிழ் ‘அதிரா’விலிருந்து வந்திருக்கலாம். எவ்வாறாயினும் ‘மின்னல்’, ‘உறுதி’ ஆகிய இரண்டையும் ஒரே பெயரின் கீழ்த் தரும் பட்டியல், இரு வேறு சொற்களை ஒன்றாக்கிவிட்டது என்பது தெளிவு.

ஒலிவடிவச் சோதனை

‘ஆதிரா’ என்னும் பெயரில் முதலுயிர் நெடில், இகரம் குறில். ‘அதீரா’வில் இவை தலைகீழாக உள்ளன. வடமொழிச் சொல்லின் ஆகார ஈறு தமிழில் ஐகாரமாகும் என்பது நன்னூல் பதவியலின் வடமொழியாக்க விதி. மாலா என்பது மாலை ஆவதும் சபா என்பது சபை ஆவதும் இவ்வாறே. அவ்விதிப்படி ‘அதீரா’ தமிழில் ‘அதீரை’ என்றே நிற்கும். ‘ஆதிரை’ என்று ஆவதற்கு விதியில்லை. ‘அதிரா’ என்னும் தமிழ்ப் பெயரெச்சமும் குறிலில் தொடங்குவதால் விலகுகிறது.

எஞ்சுவது ‘ஆர்த்ரா’ என்னும் வடமொழி நாண்மீன் பெயர். இதில் முதல் ரகர ஒற்று கெட்டு, பின்னுள்ள மெய்ம்மயக்கம் இகரத்தால் பிரிந்து, ஈற்று ஆகாரம் ஐகாரமாக ‘ஆதிரை’ அமைகிறது. இதே சொல் பிற்காலத்தில் மூலவடிவத்துக்கு அணுக்கமாக மீண்டும் தமிழில் புகுந்தமைக்கு ‘ஆருத்திரா தரிசனம்’ என்ற வழக்கு சான்று. ஒரே சொல் இருமுறை கடனாகப் பெறப்பட்டு, முன்னது தமிழ் ஒலியமைப்பில் முற்றும் கரைந்தது, பின்னது கரையவில்லை.

தமிழின் ஐகார ஈறு மலையாளத்தில் அகரமாவது இயல்பு. தலை ‘தல’ என்றும் மலை ‘மல’ என்றும் வழங்கும் முறையிலேயே ஆதிரை ‘ஆதிர’ ஆகிறது. அம்மலையாளப் பெயரின் உரோமன் எழுத்து வடிவத்தை மீண்டும் தமிழில் எழுதுகையில் ஈற்று அகரம் நெடிலாகி ‘ஆதிரா’ பிறக்கிறது. ஆதலின் இவ்வீற்று ஆகாரம் வடமொழி ஆகார ஈறு எஞ்சி நிற்பது அன்று, எழுத்துப்பெயர்ப்பின் விளைவு.

இலக்கிய ஆட்சி

வடிவம் பொருந்துவது மட்டும் போதாது. சொல் பெயராக வழங்கியமைக்கும் சான்று வேண்டும். கலித்தொகை 150ஆம் பாடலில் சிவபெருமான் ‘ஆதிரையான்’ எனக் குறிக்கப்படுகிறார். திருநாவுக்கரசர் திருவாரூரின் ஆதிரைத் திருநாளைப் போற்றிய பதிகம் நான்காம் திருமுறையில் உள்ளது. மகளிர் பெயராக வழங்கியதற்கு மணிமேகலை சான்று தருகிறது. சாதுவனின் மனைவியாகிய ஆதிரை மணிமேகலையின் அமுதசுரபியில் பிச்சையிடும் நிகழ்ச்சி, அவள் பெயரையே தலைப்பிற் கொண்ட பதினாறாம் காதையில் அமைகிறது. எனவே ‘ஆதிரை’ தற்காலப் புனைவன்று. நெடுங்கால வழக்குடைய மகளிர் பெயர்.

வேர்ப்பொருளும் வழக்குப்பொருளும்

‘ஆர்த்ர’ என்னும் வடமொழிச் சொல்லின் வேர்ப்பொருள் ஈரமானது என்பதாகும். ஞாயிறு இந்நாண்மீனில் புகும் ஆனித் தொடக்கம் வடஇந்தியாவில் மழைக்காலத்தோடு இணைத்துப் பார்க்கப்படுகிறது. இதைக்கொண்டு ‘ஆதிரை என்றால் ஈரம்’ என்று எழுதுவது பொருந்தாது. தமிழர் இச்சொல்லைக் கடனாகப் பெற்றது நாண்மீனின் பெயராகவே. தமிழில் அது ஈரத்தைக் குறிக்கும் பண்புச்சொல்லாக வழங்கவில்லை. தமிழ் மரபில் அதன் சிறப்பு மார்கழித் திருவாதிரையோடும் சிவவழிபாட்டோடும் இணைந்தது. ஆகவே பெயருக்குப் பொருள் கூறுகையில் ‘ஆதிரை நாண்மீன், அந்நாளிற் பிறந்தவள்’ என்பதை வழக்குப்பொருளாகவும், ‘ஈரமானது’ என்பதை மூலமொழியின் வேர்ப்பொருளாகவும் தனித்தனியே குறித்தல் வேண்டும்.

இவ்விடத்தில் அகரமுதலிகளின் எல்லையையும் அறிதல் தகும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–1936) சொல்லின் பொருளையும் இலக்கிய ஆட்சியையும் காணத் துணைசெய்யும். பரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகரமுதலி (இரண்டாம் பதிப்பு, 1984) ‘அதிர்’ போன்ற திராவிடச் சொற்களின் இனமொழி வடிவங்களை அறிய உதவும்; வடமொழியிலிருந்து வந்த நாண்மீன் பெயரை அதில் தேடுவது பயன்தராது. தேடிய நூலில் சொல் இல்லாமை, அச்சொல் பொருளற்றது என்பதற்குச் சான்றாகாது.

முடிவுரை

‘ஆதிரா’ என்பதற்கு ‘விண்மீன்’ என்ற பொருள் சரியானது. ஆயினும் குறிப்பிட்ட ஒரு நாண்மீன் என்று கூறினாலன்றி அது முழுமையாகாது. ‘மின்னல்’ என்பது ‘அதீரா’வின் பொருள், ‘உறுதியுடையவள்’ என்பது ‘அதீரா’வுக்கு முரணானது, ‘ஆதிரை’யோடு தொடர்பற்றது. இப்பிழைகள் அனைத்தும் குறில் நெடில் காட்டாத எழுத்துவடிவிலிருந்து பொருளைத் தேடியதால் விளைந்தவை. பெயரை அதன் மொழியின் எழுத்தில் முதலில் நிறுத்தி, பின்னரே அகரமுதலியைத் திறப்பது இம்மயக்கத்தை நீக்கும். ஒரு பெயரைப் பெற்றோர் எந்த எண்ணத்தோடு இடுகின்றனர் என்பதைச் சொற்பிறப்பியல் உறுதிசெய்ய இயலாது. ‘மின்னல்’ என்று கருதி ‘ஆதிரா’ எனப் பெயரிட்டவரின் விருப்பம் அவர்க்குரியது. ஆனால் அவ்விருப்பத்தைச் சொல்லின் வரலாறாகப் பதிவுசெய்வதற்கு இடமில்லை.