ஏழு கட்டமும் ஆறாவது வரியும்
மாதக் காலண்டரைக் கட்டம் போட்டு எழுதும் முறை

தங்கவயல் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டன. அது என்ன கிழமை என்று சென்ற வாரம் மாரிகுப்பத்தில் எங்கள் தெருத் திண்ணையில் பேச்சு வந்தது. சிலர் புதன் என்றார்கள். ஒரு பெரியவர் மட்டும் வியாழன் என்றார். அந்த மாதம் முதல் தேதி வியாழக்கிழமை அவர் வீட்டில் நிச்சயதார்த்தம் நடந்ததாம். அதை வைத்துக் காகிதத்தில் கட்டம் போட்டே காட்டினார். நினைவு சரி, கட்டம்தான் தவறு. பலரும் செய்கிற தவறு அது என்பதால் இதை எழுதுகிறேன்.

ஞாயிறில் தொடங்கி ஏழு பத்திகள் போடுகிறோம். வியாழன் ஐந்தாவது பத்தி. ஆகவே பெரியவர் ஐந்து கட்டங்களைக் காலியாக விட்டு, அதன் பின் 1 என்று எழுதினார். ஆனால் ஒன்றாம் தேதி உட்கார வேண்டியதே ஐந்தாவது கட்டத்தில்தான். அதற்கு முன் காலியாக இருக்க வேண்டியவை நான்கு. ஐந்து கண் உள்ள பாலத்துக்கு நடுவில் நான்கு தூண்கள்தான் என்பது ரயில்வேக்காரர்களுக்குப் பழக்கமான கணக்கு. இங்கும் அதே கதைதான். சரியான கட்டம் இதோ:

```
ஞா  தி  செ  பு  வி  வெ  ச
 -   -   -   -   1   2   3
 4   5   6   7   8   9  10
11  12  13  14  15  16  17
18  19  20  21  22  23  24
25  26  27  28
```

28ஆம் தேதி புதன்கிழமையில் நிற்கிறது. படம் போடாமலும் இதைக் காணலாம். காலிக் கட்டம் 4, தேதி 28, கூட்டினால் 32. அதை ஏழால் வகுத்தால் நான்கு முழு வரிகள் போக மீதி 4. ஆகவே ஐந்தாவது வரியில் நான்காவது பத்தி, அதாவது புதன். மீதி எதுவும் வராவிட்டால் அது வரியின் கடைசிக் கட்டமான சனி.

போட்ட கட்டம் சரியா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. 28ஆம் தேதி எப்போதும் ஒன்றாம் தேதியின் கிழமைக்கு முந்தின கிழமையில் வரும். ஆனால் இந்தச் சோதனை மட்டும் போதாது. பெரியவரின் கட்டத்தில் 1 வெள்ளியிலும் 28 வியாழனிலும் நின்றதால் அதுவும் இதில் தேறிவிடும். எனவே தலைப்பில் கிழமைகளை முதலில் எழுதிவிட்டு, ஒன்றாம் தேதி தனக்குரிய கிழமையின் கீழ் நிற்கிறதா என்று பார்த்த பிறகே மேலே போக வேண்டும்.

அடுத்தது வரிகளின் எண்ணிக்கை. காலிக் கட்டங்களையும் மாதத்தின் நாட்களையும் கூட்டினால் 35க்குள் வந்தால் ஐந்து வரி போதும். 35ஐத் தாண்டினால் ஆறாவது வரி வேண்டும். 31 நாள் மாதம் வெள்ளியிலோ சனியிலோ பிறந்தாலும், 30 நாள் மாதம் சனியில் பிறந்தாலும் இப்படி ஆகும். நான்கே வரியில் முடிவது, ஞாயிறில் பிறக்கும் 28 நாள் பிப்ரவரி ஒன்றுதான்.

அச்சிடுபவர்கள் பெரும்பாலும் ஐந்து வரிக்கே இடம் விடுகிறார்கள். மிஞ்சும் 30, 31 தேதிகளை 23, 24 உள்ள கட்டங்களிலேயே சிறியதாகச் சேர்ப்பார்கள், அல்லது மேல் வரியில் உள்ள காலிக் கட்டங்களில் போடுவார்கள். இரண்டாவது முறையால் நான் பட்ட பாடு மறக்க முடியாதது.

1987 ஆகஸ்ட். நான் வேலைக்குப் புதிது. கேட்கீப்பர்களின் வார ஓய்வுப் பட்டியலை ஐந்து வரிப் படிவத்தில் எழுதினேன். அந்த மாதம் சனிக்கிழமை பிறந்தது. காலி 6, நாட்கள் 31, ஆக 37. இடமில்லாமல் 30ஐயும் 31ஐயும் மேல் வரியில் ஞாயிறு, திங்களின் கீழ் எழுதிவிட்டேன். கிழமை சரிதான். ஆனால் ஒன்றாம் தேதிக்கு முன்னால் நின்ற 30ஐ, மாற்று வேலைக்கு வர வேண்டிய ரெஸ்ட் கிவர் ஜூலை 30 என்று நினைத்துவிட்டார். ஆகஸ்ட் 30ஆம் தேதி ஞாயிறன்று ஒரு கேட்டுக்கு ஆள் வரவில்லை. அங்கிருந்த கேட்கீப்பர் ஓய்வில்லாமல் அடுத்த முறையையும் சேர்த்துப் பார்த்தார். கண் அயர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் உடல் நடுங்குகிறது. திட்டு வாங்கியது நான், அது நியாயமும்கூட.

அன்று முதல் எந்தப் படிவத்திலும் ஆறு வரி போட்டு வைப்பது என் வழக்கம். கடைசி வரி பல மாதங்களில் காலியாகக் கிடக்கும், கிடக்கட்டும்.

2026ஆம் ஆண்டின் காலண்டர் 1987ஆம் ஆண்டினுடையதே. தேதியும் கிழமையும் அப்படியே ஒத்துப்போகின்றன. மே மாதம் வெள்ளியிலும் ஆகஸ்ட் சனியிலும் பிறப்பதால் இரண்டுக்கும் ஆறாவது வரி தேவை. பால் கணக்கோ, சீட்டுத் தவணையோ, ஷிப்டு முறையோ அந்த மாதங்களுக்கு எழுதுகிறவர்கள் முதலில் காலியையும் நாளையும் கூட்டிப் பார்த்துவிட்டுக் கோடு போடுங்கள்.