எட்டுக் கடை, ஒரு பெயர்

அன்புள்ள தங்கைக்கு,

நீ நேற்று இரவு அனுப்பிய செய்தியை மாஹிம் ஸ்டேஷன் பாலத்தில் ஓரமாக நின்றே படித்து முடித்தேன். ஐந்து பேர் குழு, நீ லீடர், ஸ்டேஷனின் கிழக்கு வாசலில் தாராவிப் பக்கம் இருக்கும் 40 தெருவோரக் கடைக்காரர்களிடம் க்யூஆர் கோடு வழியாகப் பணம் வாங்குவது பற்றி சர்வே எடுக்க வேண்டும், கையில் மூன்று வாரம். ஒரு வாரம் போய்விட்டது. "ரெண்டு பேர் ஓபி அடிக்கிறாங்க அக்கா, மூணாவது ஆளும் அவங்களைப் பார்த்து மெதுவாயிட்டாங்க" என்று எழுதியிருந்தாய். அந்த மூன்றாவது ஆளைப் பற்றிய வரிதான் என்னை யோசிக்க வைத்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நீ வேலையைப் பிரித்த விதத்தைப் பார்ப்போம். முன்னுரையும் பழைய ஆய்வுகளும் ஒருத்திக்கு, சர்வே இரண்டு பேருக்கு, பிபிடி ஒருவனுக்கு, "மீதி எல்லாம் நான் பாத்துக்கறேன்." குழு வேலை கொடுத்தால் நம் கல்லூரிகளில் பத்தில் எட்டு லீடர்கள் இப்படித்தான் பிரிப்பார்கள் என்பது என் அனுபவம். பொருளடக்கத்தைப் பார்த்து அத்தியாயம் அத்தியாயமாக வெட்டுவது. பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். அதை மணிக்கணக்கில் எழுதிப் பார்.

கேள்வித்தாள் தயாரிக்க 4 மணி நேரம் ஆகும். ஒரு கடைக்கு 20 நிமிடம் என்றாலும், வியாபாரம் நடக்கும்போது ஓரமாக நிற்பது, "அப்புறம் வாம்மா" என்றால் மறுபடி போவது எல்லாம் சேர்த்து 40 கடைக்கு 20 மணி நேரம் வேண்டும். பதில்களை எக்செல்லில் ஏற்ற 4, அட்டவணை போட 5, எழுத 12, ஸ்லைடு செய்ய 3, பிரின்ட் எடுத்து பைண்டிங் செய்ய 2. மொத்தம் 50. தலைக்குப் பத்து மணி நேரம் வந்திருக்க வேண்டும். உன் பிரிவினையில் சர்வே எடுப்பவர்களுக்குப் பன்னிரண்டு, பன்னிரண்டு. முன்னுரைக்காரிக்கு 4. பிபிடி பையனுக்கு 3, அதுவும் கடைசி வாரத்தில்தான் தொடங்க முடியும். உனக்கு 19. அவன் சும்மா இருக்கிறான் என்று கோபப்படுகிறாய். அவன் செய்வதற்கு முதல் இரண்டு வாரத்தில் எதுவும் இல்லை, தங்கச்சி.

மனிதர்கள் கூட்டமாகச் சேரும்போது ஏன் தளர்கிறார்கள் என்பதை வெகு காலமாக அளந்து பார்த்திருக்கிறார்கள். ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு விவசாயப் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்தார். 1913ல் அது வெளிவந்தது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, தனியாக இழுக்கும் பலத்தில் ஆளுக்குப் பாதிகூட வரவில்லை. ஊர் கூடித் தேர் இழுக்கிற நமக்கு இது ஒன்றும் புதிதில்லை. வடத்தைத் தொட்டுக்கொண்டு மட்டும் நடப்பவர்கள் எல்லா ஊர்த் தேரிலும் உண்டு. ஆனால் அந்தக் குறைவு முழுக்கச் சோம்பலா, இல்லை எட்டுப் பேரும் ஒரே நொடியில் சேர்ந்து இழுக்க முடியாததாலா என்ற கேள்வி பல காலம் இருந்தது.

1979ல் அமெரிக்காவின் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் லட்டானே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ் என்ற மூவர் அதைப் பிரித்துக் காட்டினார்கள். மாணவர்களின் கண்ணைக் கட்டி, காதில் ஹெட்போன் மாட்டி, முடிந்த மட்டும் கத்தச் சொன்னார்கள். "இப்போது உன்னோடு சேர்த்து ஆறு பேர் கத்துகிறார்கள்" என்று ஒருவனிடம் சொல்லிவிட்டு, உண்மையில் அவனை மட்டுமே கத்த வைத்தார்கள். ஒருவரோடொருவர் இசையாமல் போக அங்கே யாருமே இல்லை. இருந்தும் அவன் தனியாகக் கத்தியதில் முக்கால் பங்குதான் கத்தினான். இரண்டு வருடம் கழித்து, "கூட்டத்தில் கத்தினாலும் உன் குரலைத் தனியாக அளக்க முடியும்" என்று சொல்லிப் பார்த்தார்கள். தளர்ச்சி மறைந்துவிட்டது. ஆட்கள் அதே மாதிரியான ஆட்கள்தான். தன் குரல் தன்னுடையது என்று பிறருக்குத் தெரியும் என்பது மட்டுமே மாறியது.

இதை நம் ஊரில் தினமும் பார்க்கலாம். டப்பாவாலாக்கள் குழுவாகச் சம்பாதித்து, வந்ததைக் குழுவுக்குள் சமமாகப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். சம பங்கு என்றால் எல்லோரும் தளர வேண்டுமே? தளர்வதில்லை. ஒவ்வொரு டப்பாவின் மூடியிலும் எந்த ஸ்டேஷன், எந்தக் கட்டிடம், எந்த மாடி என்று குறி எழுதியிருக்கிறது. ஒரு டப்பா போய்ச் சேரவில்லை என்றால், அது யார் கையில் நின்றது என்பது தெரிந்துவிடும். ஒருவர் வராத நாளுக்கென்று கூடுதல் ஆளும் வைத்திருப்பார்கள். கூலி பொது, சுமை தனித்தனி.

உன் பிரிவினையில் இது தலைகீழாக இருக்கிறது. சர்வே எடுக்கும் இருவரில் யார் எந்தக் கடைக்குப் போனார் என்று யாருக்கும் தெரியாது. எல்லாம் ஒரே ஷீட்டில் கலந்துவிடுகிறது.

இனி அந்த மூன்றாவது ஆள். அவளும் முதல் சில நாள் ஓடி ஓடி வேலை செய்தவள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அவள் சோம்பேறியாகவில்லை. நார்பர்ட் கெர் என்ற உளவியலாளர் 1983ல் இதைச் சோதித்துப் பார்த்தார். முடிந்தும் செய்யாமல் தன் முதுகில் ஏறி வருபவன் ஒருவன் பக்கத்தில் இருந்தால், நன்றாக வேலை செய்பவரும் கையைக் கட்டிக்கொள்கிறார். மார்க் குறைந்தாலும் பரவாயில்லை, ஏமாளியாக மட்டும் இருக்க மாட்டேன் என்கிற மனசு அது. கூட்டாளியால் உண்மையிலேயே முடியவில்லை என்று தெரிந்தால் அவ்வளவு தூரம் பின்வாங்குவதில்லை. அதனால் அவளிடம் "நீயும் இப்படிப் பண்ணலாமா" என்று கேட்காதே. அவளுக்கு வேண்டியது ஒரு கணக்கு. யார் எத்தனை செய்தார்கள் என்பது எல்லோர் கண்ணிலும் பட்டால் அவள் திரும்பி வருவாள்.

இப்போது மறுபடி பிரித்துப் பார். 40 கடையை ஐந்தால் வகுத்தால் ஆளுக்கு எட்டு. எட்டுக் கடைக்கு 4 மணி நேரம். தான் எடுத்ததைத் தானே ஏற்றினால் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஷீட்டில் முதல் பத்தியில் எடுத்தவர் பெயர், இரண்டாவதில் தேதி, மூன்றாவதில் நேரம். இதைத் தவிர ஒவ்வொருவருக்கும் வேறு யாரும் கை வைக்காத ஒரு துண்டு: கேள்வித்தாள் உனக்கு, 4 மணி நேரம். அட்டவணை ஒருவருக்கு, 5. எழுத்து இரண்டாகப் பிரிந்து இருவருக்கு ஆறு ஆறு. ஸ்லைடும் பிரின்ட்டும் ஒருவருக்கு, 5. உனக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறதே என்று கூச்சப்படாதே. மற்றவர்களின் ஷீட்டைப் பார்ப்பது, போன் செய்வது, கைடைச் சந்திப்பது எல்லாம் அந்த மிச்சத்தைத் தின்றுவிடும்.

எல்லோரும் கடைக்குப் போக வேண்டும் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் வைவா. எட்டுக் கடைக்காரரோடு பேசியவனிடம் எக்ஸாமினர் எதைக் கேட்டாலும் சொல்ல ஒரு விஷயம் இருக்கும். ஸ்லைடு மட்டும் செய்தவனிடம் ஸ்லைடில் இருப்பதுதான் இருக்கும்.

கல்யாணிலிருந்து வருகிறவன் ஒருவன், மாலையில் வேலைக்குப் போகிறான் என்றாயே, அவனுக்கு எட்டு என்பது உனக்கு எட்டு மாதிரி இல்லை. நீ நடந்து போகிறாய். அவன் தாதரில் இறங்கி வண்டி மாற வேண்டும். கடைக்காரர்கள் பேசுவதோ மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில்தான், மாலை ஆறுக்கு மேல் யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள். லெக்சருக்கு நடுவே அவனால் ஐந்து கடைதான் முடியும் என்றால் ஐந்தே எடுக்கட்டும். மீதி மூன்றுக்கு ஒன்றரை மணி நேரம், அதை அட்டவணை வேலையில் வீட்டிலிருந்து ஈடு கட்டட்டும். ஆனால் இதை ஐந்து பேரும் உட்கார்ந்திருக்கும்போது அவன் வாயாலேயே கேட்க வேண்டும். உனக்கும் அவனுக்கும் நடுவில் முடிந்த ஏற்பாடு மற்றவர்கள் கண்ணுக்கு ஓபியாகத்தான் தெரியும்.

யாராவது உண்மையாகவே ஏய்க்கிறார்களா என்பதைக் கடைசி வாரத்தில் கண்டுபிடித்துப் பயனில்லை. மூன்றாவது நாளே ஆளுக்கு இரண்டு கடை ஷீட்டில் ஏற வேண்டும் என்று வை. சின்ன வேலை, கிட்டத்துத் தேதி. இரண்டும் வந்துவிட்டால் முன்பு கோளாறு உன் பிரிவினையில்தான் இருந்தது. வரவில்லை என்றால் வாட்ஸப் குரூப்பில் பெயர் போட்டுக் கேட்காதே, கேண்டீனில் தனியாக உட்கார்ந்து கேள். ஹிந்தியில் போய்ப் பேசக் கூச்சம் என்பார்கள், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்பார்கள். கூச்சம் என்றால் முதல் இரண்டு கடைக்கு நீ கூடப் போ. ஒரே அளவில், ஒரே எழுத்துப் பிழையோடு நான்கு பதில்கள் பத்து நிமிடத்துக்குள் ஏறியிருந்தால் அது வீட்டில் உட்கார்ந்து நிரப்பியது. அதை மட்டும் விடாதே, மறுபடி போய் எடுக்கச் சொல். ஆறாவது நாளும் ஷீட் காலி என்றால் அதைக் கைடிடம் காட்டு. அப்போது இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும், அவர் ஏதாவது செய்ய முடியும்.

ஒருவருக்கொருவர் மார்க் போட்டுக்கொள்ளும் முறையை நீ கேட்டிருந்தாய். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. நண்பர்கள் எல்லோருக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டுவிடுவார்கள். அதைவிட, ஐந்து பேரையும் "மொத்த வேலையில் நான் எத்தனை சதவீதம் செய்தேன்" என்று ரகசியமாக எழுதச் சொல்லிக் கூட்டிப் பார். நூறைத் தாண்டும். 1979ல் ராஸ், சிகோலி என்ற இருவர் கணவன் மனைவியரிடம் வீட்டு வேலையில் அவரவர் பங்கைக் கேட்டார்கள். பெரும்பாலான ஜோடிகளில் கூட்டுத்தொகை முழுமையைத் தாண்டியது. பொய் சொல்லவில்லை. நாம் செய்தது நமக்கு நினைவிருக்கிறது, அடுத்தவர் செய்தபோது நாம் அங்கே இல்லை. உன் 19 மணி நேரத்தையும் இந்தக் கண்ணோடு ஒரு முறை பார்த்துவிடு.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கடைசி வருட பிளாக் புக், நாங்கள் நான்கு பேர். ஒருவன் அனுப்பிய அத்தியாயம் சுமாராக இருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு ராத்திரி உட்கார்ந்து நானே எழுதினேன். அதன் பிறகு அவன் எதையும் அனுப்பவில்லை. "ஒருத்தன்கூட உதவல" என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வைவாவில் அவனிடம் அவன் அத்தியாயத்திலிருந்தே கேட்டார்கள். அவனுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அது அவன் எழுதியதில்லை. நான் அவனைப் பார்க்கவே இல்லை, மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வேலையை இல்லாமல் செய்தது நான்தான் என்று புரிய ரொம்ப நாள் ஆனது. உனக்கு யாராவது சுமாராக எழுதிக் கொடுத்தால் நீ திருத்தாதே. எங்கே சரியில்லை என்று குறித்து அவர்களிடமே திருப்பிக் கொடு. ஒரு நாள் வீணாகும், ஆகட்டும்.

நாளை மதியம் கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு ஐந்து பேருமாகக் கிழக்கு வாசலுக்குப் போங்கள். ஆளுக்கு ஒரு கடை போதும். எத்தனை நிமிடம் ஆனது என்று கைப்பேசியில் பார்த்துக் குறியுங்கள். நான் 20 என்று போட்டது என் ஊகம். உங்களுக்கு 35 வந்தால் மேலே சொன்ன கணக்கு முழுவதையும் மாற்ற வேண்டும், கைடிடம் 40ஐ 30ஆகக் குறைக்கவும் கேட்கலாம். ராத்திரி அந்த ஐந்து எண்களை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா