வாக்குக் கேட்கும் முன் விதியைப் படிப்போம்

நாளிதழ்களும் வணிகச் சங்கங்களும் ‘நகரின் சிறந்த உணவகம்’, ‘மக்கள் விரும்பும் சிறுதொழில்’ என்பன போன்ற பெயர்களில் போட்டிகள் நடத்துவதை நாம் காண்கிறோம். இவற்றில் வெற்றியாளரைப் பொதுமக்களின் வாக்கே தீர்மானிக்கிறது. தம் நிறுவனத்தின் பெயர் இறுதிப்பட்டியலில் வந்ததும், கைப்பேசியில் உள்ள அனைவருக்கும் ‘எங்களுக்கு வாக்களியுங்கள்’ என்று செய்தி அனுப்பத் தொடங்குவது பலரின் வழக்கம். இதில் இரண்டு இழப்புகள் நேரக்கூடும். விதியை மீறியதாகக் கருதப்பட்டு வாக்குகள் நீக்கப்படலாம். அல்லது, விருது கிடைத்தும் வாடிக்கையாளரின் மனம் கசந்துபோகலாம். இரண்டையும் தவிர்க்கும் வழியை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் பார்ப்போம்.

பெங்களூருவில் காப்பிக்கொட்டையை வறுத்து அரைத்து விற்கும் சிறிய கடை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். உள்ளூர் நாளிதழ் நடத்தும் வாசகர் விருதின் இறுதிப்பட்டியலில் அதன் பெயர் இடம்பெறுகிறது. வாக்களிப்பு 11ஆம் தேதி முதல் 24ஆம் தேதி மாலை 6 மணி வரை நடைபெறும். கடைக்காரரிடம் 600 வாடிக்கையாளர்களின் எண்கள் உள்ளன.

அவர் முதலில் செய்ய வேண்டியது, போட்டியின் விதிகள் அடங்கிய பக்கத்தை முழுமையாகப் படிப்பது. மூன்று கேள்விகளுக்கு அதில் விடை தேட வேண்டும். ஒருவர் எத்தனை முறை வாக்களிக்கலாம்? வாக்களிப்பவருக்குப் பரிசோ சலுகையோ தரலாமா? எத்தகைய வாக்குகள் செல்லாதவை? நமது எடுத்துக்காட்டில், ஒரு கைப்பேசி எண்ணுக்கு ஒரு வாக்கு; எவ்விதக் கைம்மாறும் கூடாது; ஒரே கருவியிலிருந்து பதிவாகும் பல வாக்குகள் நீக்கப்படும் என்று விதிகள் கூறுகின்றன.

இந்த மூன்றாவது விதியில்தான் நல்லெண்ணம் கொண்டவர்களும் தவறுகிறார்கள். கடை மேசையில் ஒரு கைக்கணினியை வைத்து, வருவோரெல்லாம் அதிலேயே வாக்களிக்கட்டும் என்று ஏற்பாடு செய்வது உதவியாகத் தோன்றும். போட்டி நடத்துவோரின் கணக்கிலோ அவை ஒரே இடத்தில் குவிந்த ஐயத்துக்குரிய வாக்குகள். விருதுப் பக்கத்தைத் திறக்கும் கியூஆர் குறியீட்டை அச்சிட்டு வைத்து, அவரவர் கைப்பேசியில் அவரவரே வாக்களிக்க விடுவதே முறை. கடையின் வைஃபையைத் தருவதும் வேண்டாம். அதன் வழியே சென்றால் எல்லா வாக்குகளும் ஒரே முகவரியிலிருந்து வந்தவை போலத் தெரியலாம்.

இரண்டாவது விதிக்கும் கவனம் தேவை. ‘வாக்களித்த திரைப்படத்தைக் காட்டினால் 10 விழுக்காடு தள்ளுபடி’ என்பது வாக்கை விலைக்கு வாங்குவதே. முன்பே திட்டமிட்ட பண்டிகைத் தள்ளுபடி அதே நாள்களில் வந்தால், அதையும் வாக்குக் கோரிக்கையையும் ஒரே செய்தியில் சேர்க்காமலிருப்பது நல்லது.

அடுத்து, யாரிடம் கேட்பது என்பதைப் பார்ப்போம். 600 எண்களில் 180, வீட்டுக்குப் பொருள் அனுப்புவதற்காக மட்டும் பெற்றவை. ஒரு நோக்கத்திற்காகப் பெற்ற தகவலை வேறு நோக்கத்திற்குப் பயன்படுத்தலாகாது என்பது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. எனவே, கடைச் செய்திகளைப் பெற இசைந்த 420 பேருக்கு மட்டுமே அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம் என்பதால், 210 பேர் கொண்ட இரு பட்டியல்கள் போதும். கடையின் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கே அச்செய்தி சென்று சேரும். அவர்கள் கடையை அறிந்தவர்கள். நாம் கேட்க வேண்டியவர்களும் அவர்களே.

இனி, கேட்கும் மொழி. ‘தயவுசெய்து கைவிட்டு விடாதீர்கள்! எங்கள் உழைப்பெல்லாம் உங்கள் கையில்! வீட்டிலுள்ள எல்லோர் எண்ணிலிருந்தும் போடுங்கள்!’ என்ற செய்தி, படிப்பவரின் தோளில் ஒரு சுமையை ஏற்றுகிறது. அதன் கடைசி வரி, பிறர் பெயரில் வாக்களிக்கத் தூண்டுவதாகவும் அமைகிறது. அதற்கு மாறாக இப்படி எழுதலாம்:

‘வணக்கம். வாசகர் விருதின் காப்பித்தூள் கடைகள் பிரிவில், இறுதிப்பட்டியலில் எங்கள் கடையும் உள்ளது. எங்கள் தூள் உங்களுக்குப் பிடித்திருந்தால், நாளிதழின் விருதுப் பக்கத்தில் வாக்களிக்கலாம். ஓர் எண்ணுக்கு ஒரு வாக்கு, கட்டணம் இல்லை. கடைசி நாள் 24ஆம் தேதி, மாலை 6 மணி. வாக்களித்தாலும் இல்லாவிட்டாலும், உங்கள் அடுத்த கால் கிலோ அதே பக்குவத்தில் வரும்.’

இதில் கெஞ்சுதல் இல்லை. செய்ய வேண்டியது என்ன, எங்கே, எப்போது வரை என்ற விவரம் இருக்கிறது. ‘பிடித்திருந்தால்’ என்ற சொல், மறுப்பவருக்கும் மதிப்போடு விலகிக்கொள்ள இடம் தருகிறது.

எத்தனை முறை கேட்பது? தனிப்பட்ட செய்தியாக இரு முறை போதும்: 12ஆம் தேதி ஒரு முறை, முடிவதற்கு முந்தைய நாளான 23ஆம் தேதி ஒரு முறை. வாக்களித்துவிட்டதாகப் பதில் எழுதியவர்களை இரண்டாம் முறை பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும். இடைப்பட்ட நாள்களில் சமூக ஊடகப் பக்கத்தில் ஒரு பதிவு இடலாம். ‘இனி அனுப்பாதீர்கள்’ என்று சிலர் எழுதினால், இரண்டாவது செய்தியையே கைவிடுவது நட்டமாகாது.

வங்கி வாடிக்கையாளர்கள் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ‘என் மகளுக்கு வாக்களியுங்கள்’ என்று தெரிந்தவரின் எண்ணிலிருந்து வரும் இணைப்பைத் திறந்து, கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணைக் கொடுத்து, வாட்ஸ்அப் கணக்கையே இழந்தவர்கள் உண்டு. நம் கோரிக்கை அந்த மோசடியைப் போலத் தோன்றலாகாது. சுருக்கிய இணைப்பைத் தவிர்த்து, போட்டி நடத்துபவரின் முழு முகவரியைத் தர வேண்டும். வாக்கைச் சரிபார்க்க ஓடிபி வருமென்றால், ‘அதை நாளிதழின் பக்கத்தில் மட்டுமே இடுங்கள்; எங்களிடம் கூறாதீர்கள்’ என்று எழுத வேண்டும். வங்கிக் கணக்கு விவரத்தையோ கட்டணத்தையோ கேட்கும் வாக்குப் பக்கம் எதற்கும் நம் வாடிக்கையாளரை அனுப்பக் கூடாது. யாரேனும் பணம் இழந்துவிட்டால், தாமதியாமல் 1930 என்ற எண்ணில் முறையிடச் சொல்ல வேண்டும்.

வாக்கு எண்ணிக்கை வெளியிடப்படும் போட்டியாயின், நாள்தோறும் அதைக் கவனித்து வரலாம். உண்மையான வாக்குகள் செய்தி சென்ற மாலையில் உயர்ந்து, பின் மெல்லத் தணியும். நள்ளிரவில், எவ்விதச் செய்தியும் அனுப்பாத நாளில், சீரான இடைவெளியில் நூற்றுக்கணக்கில் ஏறினால், யாரோ வாக்குகளை விலைக்கு வாங்கியிருக்கக்கூடும். அன்பு மிகுந்த உறவினராகவும் அவர் இருக்கலாம். அப்போது போட்டி நடத்துபவருக்கு உடனே மின்னஞ்சல் அனுப்பி, ‘இந்த உயர்வுக்கு நாங்கள் காரணமல்ல, சரிபார்த்து நீக்குக’ என்று தெரிவிப்பது நல்லது. நாமே முன்வந்து கூறியது, பின்னர் எழும் ஐயத்திற்கு எழுத்து வடிவிலான மறுமொழியாக அமையும்.

விருது கிடைத்தால், அதை விளம்பரத்தில் குறிப்பிடும்போது விருதின் பெயர், வழங்கியவர், ஆண்டு, பிரிவு ஆகியவற்றைச் சேர்த்தே எழுத வேண்டும். வாசகர் வாக்கில் முதலிடம் என்பது, தரப் பரிசோதனையில் முதலிடம் என்பதாகாது. கிடைக்காவிட்டாலும், முடிவு வந்த மறுநாள் அந்த 420 பேருக்கும் இரண்டு வரியில் நன்றி தெரிவிக்க வேண்டும். அதில் வேறு விற்பனைச் செய்தி எதுவும் சேராதிருக்கட்டும்.